சொந்தக்காரர், நண்பர் படத்தை எடிட் செய்து பகிர்வது: கேட்பதிலிருந்து நீக்குவது வரை முழு வழிகாட்டி

இந்த வேலையில் தடுமாறுகிறவர்களிடம் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. வரிசைதான் தப்பாக இருக்கிறது. படம் எடுத்த கையோடு எடிட்டரில் திறந்து, முகங்களை மழுமழுவென்று ஆக்கி, வெளிச்சம் கூட்டி, எல்லாம் முடிந்த பிறகு "போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததை ஒருவர் நீட்டும்போது, "என் மூக்கை ஏன் மாத்தின?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "நல்லா இருக்கு, போடு" என்பார்கள். முகதாட்சண்யத்துக்காகச் சொன்ன அந்தப் பதிலை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் கேட்பது கடைசி வேலையாக இருக்கக்கூடாது. அதுவும் ஒருமுறை கேட்டால் போதாது. எடிட் செய்யும் முன் ஒருமுறை, செய்து முடித்ததும் படத்தைக் காட்டி ஒருமுறை. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

பேச வசதியாக ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பமாகக் கூடிய ஒரு நாளில் எடுத்த குழுப்படம். அதில் உங்கள் அத்தை, அத்தை மகள், உங்கள் நண்பர், நண்பருடைய ஆறு வயதுப் பெண், அப்புறம் நீங்கள். இதை எடிட் செய்து இன்ஸ்டாகிராமில் போட நினைக்கிறீர்கள்.

## தொடங்கும் முன் தேவையானவை

படத்தின் அசல் கோப்பு வேண்டும். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் பிரதி வேண்டாம். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதன்மேல் எடிட் செய்தால் தோல் மெழுகுபோல ஆகிவிடும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனி அடுக்காக வைக்கும் லேயர் வசதி உள்ள எடிட்டர் இருந்தால் நல்லது. கிம்ப், போட்டோஷாப் எதுவானாலும் சரி. காரணம், யாராவது "அதை மட்டும் பழையபடி வெச்சிடு" என்றால் அந்த ஒரு லேயரை மட்டும் அணைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே லேயரில் செய்தவர்கள், மறுபடி முதலிலிருந்து செய்யச் சோம்பல்பட்டு "பரவாயில்ல, யாருக்கும் தெரியாது" என்று சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, படத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச ஒரு வழி. குடும்பக் குழுவில் பொதுவாகக் கேட்டு வைப்பது இதற்கு உதவாது. ஏன் என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்.

## 1. படத்தில் யார் யார் என்று எண்ணுங்கள்

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள். சிறிய திரையில் ஐந்து பேர்தான் தெரிவார்கள். பெரிதாக்கினால் பின்னால் கதவருகே நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆறாவது ஆள் தெரிவார். கண்ணாடி, டிவி திரை, மூக்குக்கண்ணாடி இவற்றில் பிரதிபலிப்பு இருக்கும். மேசைமேல் யாருடைய மருந்துச் சீட்டோ முகவரி எழுதிய உறையோ கிடக்கலாம்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியல் இங்கேதான் உருவாகிறது. முன்னால் நிற்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, பின்னால் வாய் திறந்தபடி மாட்டிக்கொண்டவரை விட்டுவிடுவதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு. நம் படத்தில் அந்த ஆறாவது ஆளை வெட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

## 2. எடிட்டரைத் திறக்கும் முன் கேளுங்கள்

கேட்க வேண்டியவை நான்கு, அவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: எடிட் செய்யலாமா, செய்தால் எதை, எங்கே போடலாம், யார் பார்க்கலாம். "போட்டோ போடட்டுமா?" என்று ஒன்றாக உருட்டிக் கேட்டால், கேட்பவர் மனதில் ஒன்றும் பதில் சொல்பவர் மனதில் இன்னொன்றும் இருக்கும். அத்தை குடும்பக் குழுவை நினைத்து "சரி" என்பார். நீங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கை நினைத்திருப்பீர்கள்.

அத்தைக்கு இப்படி ஒரு செய்தி போதும்:

"அத்தை, நேத்து எடுத்த படத்துல கொஞ்சம் வெளிச்சம் மட்டும் சரி பண்ணலாம்னு இருக்கேன். முகத்துல எதுவும் மாத்த மாட்டேன், உங்களுக்கு ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க. இன்ஸ்டாகிராம்ல போடணும்னு ஆசை, அதை வெளியாளுங்களும் பார்ப்பாங்க. வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க, நம்ம வீட்டு குரூப்ல மட்டும் போட்டுடறேன்."

இதில் கடைசி வரிதான் முக்கியம். "வேண்டாம்" என்று சொல்ல ஒரு சுலபமான வழியை நீங்களே திறந்து வைக்கிறீர்கள். அந்த வழி இல்லாவிட்டால், மறுத்தால் பிள்ளை மனம் கோணுமே என்று பெரியவர்கள் சம்மதித்துவிடுவார்கள். செல்போனில் படித்துப் பதில் எழுதச் சிரமப்படுபவர் என்றால் போன் செய்தே பேசுங்கள். இன்ஸ்டாகிராம் என்றால் என்ன என்றே தெரியாதவரிடம், "எனக்குத் தெரியாத ஆளுங்ககூட உங்க முகத்தைப் பார்க்கலாம், எடுத்து வெச்சுக்கலாம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

குழுவில் வைத்துக் கேட்கக் கூடாது என்று சொன்னேனே, அதன் காரணம்: நாலு பேர் கட்டைவிரல் காட்டிய பிறகு ஐந்தாவது ஆள் மறுத்தால் அவர்தான் கெடுபிடிக்காரர் ஆகிவிடுகிறார். அத்தை மகளுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை என்றால், அதற்கான காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல நேர்கிறது. தனியாகக் கேட்டால் காரணமே சொல்லாமல் மறுக்கலாம். நீங்களும் காரணம் கேட்காதீர்கள்.

பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீல டிக் விழுந்திருப்பது படித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். "உன் இஷ்டம்" என்பதும் எனக்கு முழுச் சம்மதமாகத் தோன்றுவதில்லை. அப்படி வந்தால் சின்ன வட்டத்தோடு, அதாவது குடும்பக் குழுவோடு, நிறுத்திக்கொள்வேன்.

குழந்தை விஷயத்தில் நண்பர் ஒருவரிடம் கேட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதில் வேறு வேறு கருத்து இருக்கலாம். "வீட்ல ரெண்டு பேருக்கும் ஓகேவா?" என்று கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தையிடமே படத்தைக் காட்டி, "இதை எல்லாருக்கும் காட்டலாமா?" என்றும் கேட்கலாம். அது முகம் சுளித்தால் வேறு படம் பாருங்கள்.

## 3. அசலைத் தனியே வையுங்கள்

எடிட் செய்யும் முன் கோப்பைப் பிரதியெடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டவும், யாராவது கேட்டால் அசலைக் கொடுக்கவும் அது வேண்டும்.

படம் எடுத்த கேமரா செயலியில் பியூட்டி மோட் ஓடிக்கொண்டிருந்ததா என்றும் ஒருமுறை பாருங்கள். செல்ஃபி கேமராவில் பல செல்போன்களில் அது யாரும் போடாமலே போட்டிருக்கும். ஏற்கெனவே வழித்த முகத்தின்மேல் நீங்களும் வழித்தால், ஆளே மாறிவிடுவார்.

## 4. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ரீடச் வேலை செய்பவர்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம், போகாததை அந்த ஆள் கேட்டால் ஒழியத் தொடக்கூடாது. பரு, கொசுக்கடி, முகத்தில் விழுந்த ஒற்றை முடி, சட்டையில் ஒட்டிய நூல் இவையெல்லாம் முதல் வகை. மச்சம், தழும்பு, சுருக்கம், மூக்கின் வடிவம், பல் இடைவெளி, தோல் நிறம், உடல் பருமன் எல்லாம் இரண்டாம் வகை.

நம் படத்துக்கு வருவோம். அத்தை மகளின் கன்னத்தில் இரண்டு பருக்கள். எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டு, அவள் சரி என்றதும் எடுத்தீர்கள். அத்தைக்குப் புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு. கை துறுதுறுக்கும், ஹீலிங் பிரஷ்ஷை ஒருமுறை வைத்தால் போய்விடும். அங்கே கையை எடுத்துவிடுங்கள். அவர் முப்பது நாற்பது வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகம் அது. கேட்காமல் அதை அழித்துக் கொடுத்தால், "இது உங்களிடம் ஒரு குறையாகத் தெரிந்தது" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னதாகவே ஆகும். "தழும்பை எடுக்கட்டுமா?" என்று நீங்களாகக் கேட்பதும் அதே புண்படுத்தல்தான். முதல் செய்தியில் "ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டது இதற்காகத்தான். வேண்டுமானால் அவரே சொல்வார்.

நிற விஷயத்தில் தவறு பெரும்பாலும் வேண்டுமென்று நடப்பதில்லை, அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். படம் இருட்டாக இருக்கிறது என்று எக்ஸ்போஷரை மொத்தமாகக் கூட்டுகிறோம். சுவர் பளிச்சென்று ஆகிறது, கூடவே மாநிறமாக இருந்தவர் வெளுத்துப் போகிறார். வைட் பேலன்ஸில் மஞ்சளைக் குறைக்கும்போதும் இதே கதைதான். சோதிக்க ஒரு வழி: படத்தில் உண்மையிலேயே வெள்ளையான ஒரு பொருளை, சட்டைக் காலரையோ காகிதத்தையோ, அளவாக வைத்து வைட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். அப்புறம் முகங்களை மட்டும் அசலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்தைக்கும் உங்களுக்கும் நேரில் இருக்கும் நிற வேறுபாடு படத்தில் காணாமல் போயிருந்தால், அளவு மிஞ்சிவிட்டது. அப்போது வெளிச்சத்தை முகங்களுக்குக் கொடுக்காமல், நிழல் விழுந்த இடங்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொடுங்கள்.

உடம்பை ஒல்லியாக்கும் கருவிகளை அடுத்தவர் படத்தில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் முடிவு. அவரே கேட்டால் வேறு பேச்சு. அப்போதும் பின்னணியைக் கவனியுங்கள். இடுப்பை உள்ளே தள்ளினால் பின்னால் உள்ள கதவு நிலையும் தரை ஓடுகளின் கோடும் சேர்ந்து வளையும். பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரியும், கேலிக்கு ஆளாகப் போவது நீங்களல்ல, படத்தில் இருப்பவர்.

இன்னொன்று, குழுப்படத்தில் உங்கள் முகத்தை மட்டும் சீராக்கிவிட்டு மற்றவர்களை அப்படியே விடுவது. இதைச் செய்பவர்கள் நிறையப் பேர். மற்றவர்களின் தோல் இயல்பாக இருக்க, ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் மங்கித் தெரிவார்கள். செய்தால் எல்லோருக்கும் ஒரே அளவு, இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

முடித்த பிறகு, ரீடச் செய்த லேயரின் ஒப்பாசிட்டியை, அதாவது அது தெரியும் அளவை, ஐம்பது சதவீதம் வரை குறைத்துப் பாருங்கள். ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்த கண்ணுக்கு எவ்வளவு மாற்றினாலும் குறைவாகவே தெரியும். மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு அளவை முடிவு செய்வது இன்னும் நல்லது.

## 5. அசலையும் எடிட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்

முதல் சம்மதம் எடிட் செய்வதற்கு. போடுவதற்கான சம்மதம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வரும். இரண்டு படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, என்ன மாற்றினீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்: "வெளிச்சம் கூட்டினேன், பின்னாடி நின்னவரை வெட்டினேன், உங்க முகத்தைத் தொடவே இல்ல."

எடிட்டை மட்டும் அனுப்பினால், மாற்றம் எது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ வேறு மாதிரி இருக்கிறது என்று தோன்றும், சொல்லத் தெரியாது. கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். "எப்படி இருக்கு?" என்றால் பாராட்டுதான் வரும். "இதையே போடலாமா, ஏதாவது பழையபடி மாத்தணுமா?" என்றால் பதில் வரும்.

பதில் சொல்ல ஒரு நாளாவது கொடுங்கள். அப்புறம், அவர் சரி என்ற அதே கோப்பைத்தான் போட வேண்டும். போடும் நேரத்தில் செயலியில் கண்ணில் பட்ட ஒரு ஃபில்டரைத் தட்டினால், அவர் பார்க்காத ஒரு படத்தைப் போடுகிறீர்கள். கேட்டு வாங்கிய சம்மதம் அதற்குச் செல்லாது.

## 6. ஒருவர் மட்டும் வேண்டாம் என்றால்

நண்பர், "பாப்பா முகம் மட்டும் வேண்டாம்" என்கிறார். நல்ல வழி, குழந்தை இல்லாத வேறு படம். அது இல்லையென்றால் வெட்டுவது. அதுவும் முடியாதென்றால் மறைப்பது.

மறைப்பதில் ஒரு பொறி உண்டு. செல்போனில் உள்ள மார்க்கர் பேனா பார்க்கக் கறுப்பாகத் தெரிந்தாலும் பல செயலிகளில் அது பாதி ஒளி ஊடுருவும் வகை. வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டினால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். லேசான பிளரும் அப்படித்தான், ஆளைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முழு நிறத்தால் நிரப்பிய வடிவம் ஒன்றை முகத்தின்மேல் வைத்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கி, புதிய ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு அந்தக் கோப்பையே திறந்து வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிச் சோதியுங்கள்.

வெட்டும்போதும் புதிய கோப்பாகவே ஏற்றுமதி செய்யச் சொல்வேன். கூகுள் பிக்சல் செல்போன்களின் மார்க்கப் கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளில், வெட்டிய பகுதியின் தரவு கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டது 2023 மார்ச்சில் வெளியே தெரிந்தது. வெட்டியதில் ஒரு பகுதியை மீட்டெடுக்கவும் முடிந்தது. அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது, ஆனால் அதற்கு முன்பே பகிர்ந்த கோப்புகள் அப்படியேதான் இருந்தன.

## 7. கோப்புக்குள் இருக்கும் இடத்தகவலை நீக்குங்கள்

செல்போன் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். அத்தை வீட்டில் எடுத்த படம் என்றால், அது அத்தை வீட்டு முகவரிதான். முகத்துக்குச் சம்மதம் வாங்கினீர்கள், வீட்டுக்கு வாங்கவில்லையே.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இந்தத் தகவல் போய்விடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். மின்னஞ்சல் இணைப்பும் அதேபோல. கோப்புக்குள் இருக்கும் தகவலைப் பார்க்கவும் நீக்கவும் உதவும் exiftool என்ற கருவி கணினியில் இருந்தால், முதல் கட்டளை நீக்கும், இரண்டாவது சரிபார்க்கும்:

```
exiftool -gps:all= photo.jpg
exiftool -gps:all photo.jpg
```

இரண்டாவது கட்டளைக்கு எதுவும் வராவிட்டால் அந்த இடத்தகவல் போய்விட்டது. கவனிக்க வேண்டியது, இந்தக் கருவி பழைய கோப்பை `photo.jpg_original` என்ற பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும். அதில் இடத்தகவல் இருக்கும். முழு ஃபோல்டரையும் பகிர்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

## 8. போடும்போது

பார்ப்பவர்கள் வட்டத்தை முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு படத்தை ஏற்றுங்கள். ஏற்றிவிட்டு மாற்றலாம் என்றால் அந்த இடைவெளியிலேயே ஸ்கிரீன்ஷாட் போய்விடும்.

டேக் செய்வதற்குத் தனியாகக் கேளுங்கள். படத்துக்குச் சரி என்றவர் டேக்குக்குச் சரி என்றதாக அர்த்தமில்லை. டேக் செய்தால் அந்த முகத்தோடு அவர் கணக்கும் சேர்ந்துகொள்ளும், அவருடைய அலுவலகத்து ஆட்கள் கண்ணிலும் படலாம். அத்தை மகள் டேக் வேண்டாம் என்றால், எழுத்திலும் அவள் பெயரையோ கல்லூரியையோ குறிப்பிடாதீர்கள்.

படத்தோடு எழுதும் வரிகளையும் ஐந்தாம் படியிலேயே காட்டிவிடுவது நல்லது. படம் பிடித்தவருக்கு அதன்கீழ் உள்ள கிண்டல் பிடிக்காமல் போகலாம். வெளிச்சம், வெட்டு தவிர வேறு ஏதாவது மாற்றியிருந்தால் "எடிட் செய்தது" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

## 9. பிறகு மனம் மாறினால்

"அதை எடுத்துடேன்" என்று செய்தி வந்தால், முதலில் எடுங்கள், அப்புறம் பேசுங்கள். "அன்னைக்குச் சரின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டு நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் படம் பரவிக்கொண்டிருக்கிறது.

எங்கெல்லாம் போட்டீர்கள் என்று ஒரு குறிப்பு இருந்தால் இந்த வேலை சில நிமிடங்களில் முடியும். பதிவு, ஸ்டோரி, ஸ்டேட்டஸ், குழுக்கள் என்று ஒவ்வொன்றாக நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் நீக்கும் வசதி, அனுப்பி இரண்டு நாள் தாண்டிக் கொஞ்ச நேரம் வரைதான் வேலை செய்யும். அதற்குப் பிறகு, குழுவில் இருப்பவர்களிடம் "அந்தப் படத்தை அழிச்சிடுங்க, மறுபடி யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று நேரடியாகக் கேட்பதுதான் வழி. யார் கேட்டார் என்று அங்கே சொல்ல வேண்டாம். ஏற்கெனவே செல்போனில் சேமித்தவர்களின் பிரதியை உங்களால் அழிக்க முடியாது, அதைப் படத்தில் இருப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் உள்ள பிரதிகளையும் அழிக்கச் சொன்னால், கேலரியில் அழித்ததோடு நிற்காது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் சமீபத்தில் நீக்கியவை என்ற ஆல்பத்தில் 30 நாள் வரை இருக்கும். அங்கேயும் போய் நீக்கிவிட்டு, லேயரோடு சேமித்த எடிட்டிங் கோப்பையும் `photo.jpg_original` கோப்பையும் அழித்த பிறகு "முடிஞ்சுது அத்தை" என்று பதில் அனுப்புங்கள்.